பாட ஸ்லைடுக்குள்ள க்விஸ் ரவுண்டு வைக்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்கிட்ட ஸ்லைடு ஃபைலை வாங்கிட்டுப் போறவங்க, கூட வேலை பாக்கற டீச்சர்ஸ், பயிற்சி வகுப்புல பக்கத்துல உக்காந்தவங்கன்னு எல்லாரும் திரும்பத் திரும்ப கேட்ட சந்தேகங்களை ஒரே இடத்துல போட்டிருக்கேன். உதாரணம் எல்லாம் ஒரே பாடத்துல இருந்துதான் எடுத்திருக்கேன், மின்சுற்றுல சீரிஸ், பேரலல் சொல்லிக் குடுக்கற 40 நிமிஷ வகுப்பு. உங்க பாடம் வரலாறோ இலக்கணமோ எதுவா இருந்தாலும் வேலை செய்யற விதம் இதேதான்.

க்விஸ் ரவுண்டுன்னா கடைசி ஸ்லைடுல அஞ்சு கேள்வி போடறது தானே?

அது பயிற்சிக் கேள்வி. நான் சொல்றது பாடம் ஓடிட்டு இருக்கும்போதே ரெண்டு மூணு இடத்துல நிறுத்தி, இதுவரைக்கும் சொன்னதை வச்சு ஒண்ணு ரெண்டு கேள்வி கேட்டு, வகுப்புல இருக்கற ஒவ்வொருத்தரும் பதில் காட்டணும், அந்தப் பதிலைப் பாத்துட்டு நீங்க அடுத்த ஸ்லைடுக்குப் போறதா இல்ல இங்கேயே இன்னும் கொஞ்சம் நிக்கறதான்னு முடிவு பண்ணணும். இந்தக் கடைசி விஷயம் இல்லைன்னா அது சும்மா இடைவேளை மாதிரிதான் ஆகும்.

கடைசில வைக்கறதுல இன்னொரு சிக்கல் என்னன்னா மணி அடிக்கற நேரத்துல தப்பு தெரிய வந்தாலும் அதைச் சரி பண்ண நிமிஷம் இருக்காது. சீரிஸ் சுற்றைத் தப்பா புரிஞ்சுகிட்ட பையன் அதே தப்போட பேரலலும் கேட்டு முடிச்சிருப்பான்.

நான் அப்பப்போ "புரிஞ்சுதா"ன்னு கேட்டுகிட்டே தான் போறேன், அது போதாதா?

போதாது. "புரிஞ்சுது சார்"னு முன்வரிசைல நாலு பேர் சொல்லுவாங்க, மீதி பேர் தலையாட்டுவாங்க. அவங்க பொய் சொல்லல, நீங்க விளக்கும்போது உண்மையிலேயே புரிஞ்ச மாதிரிதான் இருக்கும், ஸ்லைடு கண்ணு முன்னாடி இருக்கே. ஸ்லைடை எடுத்துட்டு கேட்டாத்தான் அவங்களுக்கே தெரியும், தன்கிட்ட எது இருக்கு எது இல்லைன்னு.

நடுவுல நிறுத்தி நிறுத்தி கேட்டா ஓட்டம் கெட்டுப் போய் கவனம் சிதறாதா?

எனக்கும் முதல்ல இந்த பயம் இருந்துச்சு. ஆனா நடக்கறது நேர் எதிர். 2013-ல ஸ்பூனார், கான், ஷாக்டர்னு மூணு பேர் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, 21 நிமிஷ வீடியோ பாடத்தை நாலு துண்டா வெட்டி, ஒரு குழுவுக்கு ஒவ்வொரு துண்டு முடிஞ்சதும் அதுல இருந்து சின்ன டெஸ்ட் வச்சாங்க, இன்னொரு குழுவுக்கு டெஸ்டுக்கு பதிலா அதே விஷயத்தை திரும்பப் படிக்கக் குடுத்தாங்க. டெஸ்ட் எழுதினவங்களுக்கு மனசு அலையறது குறைவா இருந்துச்சு, குறிப்பும் அதிகமா எடுத்தாங்க. திரும்பப் படிச்சவங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கல.

வகுப்புலயும் இதைக் கண்ணால பாக்கலாம். முதல் ரவுண்டு முடிஞ்சு அடுத்த ஸ்லைடு வந்ததும் பேனாவைக் கையில எடுப்பாங்க, ஏன்னா இன்னொண்ணு வரப்போகுதுன்னு தெரிஞ்சு போச்சு. அதனால ரவுண்டு இருக்குங்கறதை ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, எந்த ஸ்லைடுக்கு அப்புறம்னு மட்டும் சொல்ல வேண்டாம்.

ரிவிஷனுக்கு சுருக்க ஸ்லைடு ஒண்ணு திரும்பக் காட்டினா ஆகாதா? கேள்வி எதுக்கு?

சுருக்க ஸ்லைடு பாக்கும்போது "ஆமா இது தெரியும்"னு தோணும், அந்த உணர்வுதான் ஏமாத்துது. ரோடிகர், கார்பிக்கே ரெண்டு பேரும் 2006-ல செஞ்ச சோதனைல, ஒரு பத்தியைத் திரும்பப் படிச்ச மாணவர்களும், படிச்சதை மூடி வச்சுட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்த மாணவர்களும் இருந்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி இருந்தாங்க. ஒரு வாரம் கழிச்சு கேட்டப்போ எழுதிப் பாத்தவங்க முந்திட்டாங்க. நமக்கு வேண்டியது அந்த ஒரு வாரம் கழிச்சு இருக்கறதுதான்.

அதனால சுருக்க ஸ்லைடு வைக்கறதா இருந்தா கேள்விக்கு அப்புறம் வைங்க. முன்னாடி வச்சா பசங்க ஞாபகத்துல தேடாம இப்ப பாத்ததைத் திருப்பிச் சொல்லிடுவாங்க.

40 நிமிஷத்துல எத்தனை கேள்வி, எங்க எங்க வைக்கறது?

என்னோட மின்சுற்று ஃபைல் எப்படிப் போகுதுன்னு சொல்றேன். உள்ள வந்து உக்காந்ததும் போன வகுப்புல இருந்து ரெண்டு சுலபமான கேள்வி, மூணு நிமிஷம். அப்புறம் சீரிஸ் சுற்று, அஞ்சு ஸ்லைடு. அது முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி, ஆனா இதுதான் அன்னிக்கு முக்கியமான கேள்வி, அதுக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்கிடுவேன். அடுத்து பேரலல் சுற்று, இன்னொரு அஞ்சு ஸ்லைடு, ஒரு கேள்வி, மூணு நிமிஷம். கடைசில ரெண்டையும் கலந்து ரெண்டு கேள்வி, நாலு நிமிஷம். ஆக மொத்தம் ஆறு கேள்வி, 15 நிமிஷம், பாடத்துக்கு 25 நிமிஷம் மிச்சம்.

15 நிமிஷமான்னு கேக்கறவங்க நிறைய. ஒழுங்கா ஒரு கேள்வி கேட்டா யோசிக்க, பதில் காட்ட, ஏன்னு பேச ரெண்டு மூணு நிமிஷம் ஆகத்தான் செய்யும், அதைக் குறைக்கணும்னா கேள்வி எண்ணிக்கையைக் குறைங்க, யோசிக்கற நேரத்துல கை வைக்காதீங்க. நான் இதுக்காக ஃபைல்ல இருந்து ஆறு ஸ்லைடைத் தூக்கினேன், எல்லாம் அலங்காரமா இருந்ததுதான், ஒண்ணும் குறையல.

எங்க நிறுத்தறதுங்கறதை ஸ்லைடு எண்ணிக்கையை வச்சு முடிவு பண்ணாதீங்க. அடுத்த பகுதி புரியறதுக்கு எந்த விஷயம் தெரிஞ்சே ஆகணுமோ அந்த விஷயம் முடியற இடத்துல நிறுத்துங்க.

கேள்வி எழுத உக்காந்தா "மின்னோட்டத்தின் அலகு என்ன" மாதிரிதான் வருது. நல்ல கேள்வி எப்படி எழுதறது?

அந்த மாதிரி கேள்வியும் ஒண்ணு ரெண்டு இருக்கலாம், ஆரம்ப ரவுண்டுக்கு சரியா இருக்கும். ஆனா முக்கியமான கேள்வியை எழுதும்போது முதல்ல பதிலை யோசிக்காதீங்க, பசங்க என்ன தப்பா நினைப்பாங்கன்னு யோசிங்க. பழைய விடைத்தாளைப் புரட்டினா கிடைச்சுடும். சீரிஸ் சுற்றுல ரெண்டு தப்பு வருஷா வருஷம் வரும். ஒண்ணு, கரண்ட் முதல் பல்புல செலவாயிடும், ரெண்டாவது பல்புக்கு மிச்சம்தான் போகும்னு நினைக்கறது. இன்னொண்ணு, பேட்டரி எப்பவும் ஒரே அளவு கரண்ட்தான் குடுக்கும், எத்தனை பல்பு மாட்டினாலும் மாறாதுன்னு நினைக்கறது.

இந்த ரெண்டையும் ஆப்ஷனாக்கினா கேள்வி தானா வந்துடும். என் ஸ்லைடுல மேல ஒரு பேட்டரி, ஒரு பல்பு எரியற படம், கீழ அதே பேட்டரில அதே மாதிரி ரெண்டு பல்பு சீரிஸ்ல மாட்டின படம், "ரெண்டாவது சுற்றுல பல்புகள் எப்படி எரியும்?"னு ஒரே வரி. 1. முதல் பல்பு பிரகாசமா, அடுத்தது மங்கலா. 2. ரெண்டும் சமமா, தனியா எரிஞ்ச அதே பிரகாசத்துல. 3. ரெண்டும் சமமா, தனியா எரிஞ்சதை விட மங்கலா. பதில் 3. ஆனா எனக்கு 1 காட்டினவங்க யாரு, 2 காட்டினவங்க யாருங்கறதுதான் முக்கியம், ஏன்னா ரெண்டு பேருக்கும் நான் சொல்ல வேண்டியது வேற வேற.

மூணு ஆப்ஷன் தானா? நாலு இருக்கணும்னு சொல்லுவாங்களே?

நாலாவதா உருப்படியான ஒண்ணு இருந்தா வைங்க. பெரும்பாலும் இருக்காது, எண்ணிக்கைக்காக யாரும் தொடாத ஒண்ணைப் போடுவோம், என் பழைய ஃபைல்ல "ரெண்டு பல்பும் எரியாது"னு ஒண்ணு இருந்துச்சு, ஒரு கை கூட அதுக்கு வந்தது கிடையாது, படிக்கற நேரம்தான் வேஸ்ட். மைக்கேல் ராட்ரிகஸ் 2005-ல பல வருஷத்து ஆராய்ச்சிகளை ஒண்ணா சேத்துப் பாத்து எழுதினதும் இதுதான், பெரும்பாலான இடத்துல மூணு ஆப்ஷனே போதும்.

படிக்காத பசங்க கூட சரியா சொல்லிடறாங்க, எப்படின்னே தெரியல. கேள்வி ரொம்ப சுலபமோ?

கேள்வி சுலபமா இருக்கணும்னு அவசியமில்ல, ஸ்லைடே பதிலைக் காட்டிக் குடுத்திருக்கலாம். முதல்ல ஆப்ஷன் நீளத்தைப் பாருங்க, சரியான பதிலை நாம கவனமா எழுதுவோம், அதனால அதுதான் எப்பவும் நீளமா இருக்கும். அடுத்து இடம், கடைசி பத்து கேள்வியோட பதில் எண்ணை ஒரு பேப்பர்ல வரிசையா எழுதிப் பாருங்க, நான் எழுதிப் பாத்தப்போ ஏழு 2 இருந்துச்சு, நடுவுல ஒளிச்சு வைக்கற பழக்கம்.

படமும் காட்டிக் குடுக்கும். என் சுற்றுப் படத்துல ரெண்டு பல்புக்கும் ஒரே மஞ்சள் போட்டிருந்தேன், ஒரு பொண்ணு "ரெண்டும் ஒரே கலர்ல இருக்கு மிஸ், அதான் சமம்னு சொன்னேன்"னு சொன்னா. அப்புறம் பல்பை எல்லாம் வெறும் கோட்டுப் படமா மாத்தி, பதில் ஸ்லைடுல மட்டும் கலர் வச்சேன்.

பவர்பாயிண்ட்ல கேள்வி ஸ்லைடும் பதிலும் எப்படி செய்யறது? அனிமேஷன் எல்லாம் எனக்கு வராது.

அனிமேஷனே வேண்டாம். கேள்வி ஸ்லைடை முழுசா செஞ்சு முடிங்க, இடது பக்கம் அதைத் தேர்வு பண்ணி `Ctrl+D` அடிங்க, அப்படியே ஒரு நகல் வரும். நகல்ல எதையும் நகத்தாம சரியான ஆப்ஷனைச் சுத்தி தடிமனா ஒரு கட்டம், பக்கத்துல டிக், கீழ ஒரு வரி காரணம், அவ்வளவுதான். ஓட்டும்போது ஒரு க்ளிக்ல அதே இடத்துல டிக் மட்டும் முளைச்ச மாதிரி இருக்கும். வெறும் பச்சை சிவப்பு கலரை மட்டும் நம்பாதீங்க, அந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியாத பசங்க இருப்பாங்க, டிக் கட்டாயம் வேணும்.

தனித்தனி ஸ்லைடா இருக்கறதுல இன்னொரு லாபம், பிடிஎஃப்-ஆ மாத்திக் குடுக்கும்போது கேள்வி ஒரு பக்கம், பதில் அடுத்த பக்கம்னு வரும், வீட்டுல வச்சும் மறைச்சுப் பாத்துக்கலாம். அனிமேஷன்ல செஞ்சிருந்தா ரெண்டும் ஒரே பக்கத்துல ஒட்டிகிட்டு வரும். எழுத்து 28-க்குக் கீழ போகாம இருக்கட்டும், கேள்வி ரெண்டு வரிக்கு மேல போனா அது ரெண்டு கேள்வின்னு அர்த்தம்.

பசங்க யோசிச்சிட்டு இருக்கும்போதே மவுஸ் பட்டு பதில் ஸ்லைடு வந்துடுது, என்ன செய்யலாம்?

கேள்வி ஸ்லைடுல நின்னுகிட்டு `Transitions` டேப்ல `On Mouse Click` டிக்கை எடுத்துடுங்க, அந்த ஸ்லைடுல மவுஸ் எங்க பட்டாலும் நகராது. அம்புக்குறி கீயும் கையில பிடிச்சு அழுத்தற ரிமோட்டும் அப்பவும் வேலை செய்யும், நீங்க அதுல போய்க்கலாம்.

எனக்கு இன்னும் பிடிச்ச வழி, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல "பக்கத்துல இருக்கறவங்க கூட பேசுங்க"னு கேள்வியோட ஒரு ஸ்லைடு வைக்கறது. கை தவறினாலும் அதுதான் வரும், பதில் தெரியாது. அந்த ஸ்லைடு எதுக்குன்னு கொஞ்சம் கீழ சொல்றேன்.

டைமர் வேணுமா? டிக் டிக்னு சத்தம் வச்சா ஜாலியா இருக்கும்ல?

டைமர் உங்களுக்காக வேணும், பசங்களுக்காக இல்ல. கேள்வி கேட்டுட்டு சும்மா நிக்கறது ரொம்ப கஷ்டம், நாலு செகண்ட் ஆனாலே நாமளே பதிலைச் சொல்லிடுவோம். அதனால ஸ்லைடுக்கு அடியில நீளமா ஒரு பட்டை வரைஞ்சு அதுக்கு `Wipe` எக்ஸிட் அனிமேஷன் குடுத்து `Duration`-ல 20 போட்டா 20 செகண்ட்ல பட்டை மெல்லக் கரைஞ்சு போகும். கணக்கு போட வேண்டிய கேள்வின்னா 45 வைங்க. மேல அனிமேஷன் வேண்டாம்னு சொன்னேன், இது ஒண்ணு மட்டும் விதிவிலக்கு, இதுவும் வராதுன்னா மனசுக்குள்ள 20 எண்ணுங்க.

சத்தம் வேண்டாம். சத்தம் வந்ததும் வேகமா பதில் சொல்றதுதான் விளையாட்டுன்னு ஆயிடுது, மெதுவா யோசிக்கற பசங்க அப்பவே விட்டுடுவாங்க.

எங்க வகுப்புல மொபைல் எல்லாம் கிடையாது. எல்லாரோட பதிலையும் எப்படிப் பாக்கறது?

விரல் போதும். அதுக்காகத்தான் ஆப்ஷனை அ, ஆ-ன்னு போடாம 1, 2, 3-ன்னு போட்டேன். நேரம் முடிஞ்சதும் "இப்ப"ன்னு சொன்னா எல்லாரும் ஒரே சமயத்துல நெஞ்சுக்கு நேரா விரலைக் காட்டணும், தலைக்கு மேல தூக்கினா பின்னாடி இருக்கறவன் பாத்து மாத்திக்குவான். "இப்ப" சொல்றதுக்கு முன்னாடி விரலை மடிச்சு வச்சிருக்கணும்னு முதல் வாரம் ரெண்டு மூணு தடவை பழக்கணும், அப்புறம் தானா வரும்.

எண்ண வேண்டாம், வரிசை வரிசையா கண்ணை ஓட்டுங்க. 3 நிறைய தெரியுதா, பாதிப் பாதியா, 1 ரொம்ப இருக்கா, அந்த மூணுல எதுன்னு தெரிஞ்சா போதும்.

பாதி பேர் சரி, பாதி பேர் தப்பு. உடனே விளக்கிடலாமா?

விளக்காதீங்க, கையில கிடைச்ச நல்ல நிமிஷம் அது. ஹார்வர்டுல இயற்பியல் நடத்தற எரிக் மசூர் 1991-லிருந்து செஞ்சுட்டு வர்ற முறை இருக்கு. முதல்ல தனியா பதில், அது கிட்டத்தட்ட 30-லிருந்து 70 சதவீதம் வரைக்கும் சரியா இருந்தா பதிலைச் சொல்லாம, வேற பதில் வச்சிருக்கற பக்கத்து ஆள்கிட்ட பேசச் சொல்லணும், ரெண்டு நிமிஷம் கழிச்சு திரும்ப அதே கேள்விக்கு பதில் கேக்கணும், அப்புறம்தான் விளக்கம். மேல சொன்ன நடு ஸ்லைடு இதுக்குத்தான்.

பல்புக் கேள்வில நான் ஒருதடவை பக்கத்துல நின்னு கேட்டது இது. ஒருத்தன் 1, இன்னொருத்தன் 3. "முதல் பல்பு கரண்டைச் சாப்பிட்டுடும்ல"ன்னு இவன் சொல்ல, அவன் "அப்போ பேட்டரியைத் திருப்பி மாட்டினா எது முதல் பல்பு?"ன்னு கேட்டான். இவன் படத்தையே பாத்துட்டு இருந்துட்டு விரலை மாத்தினான். நான் பத்து நிமிஷம் பேசியிருந்தாலும் இந்தக் கேள்வி எனக்குத் தோணியிருக்காது. முதல் தடவை எத்தனை பேர் எதைச் சொன்னாங்கன்னு மட்டும் அறிவிக்காதீங்க, சொன்னா பேசறதை விட்டுட்டு கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாஞ்சுடுவாங்க.

முக்கால்வாசி பேர் தப்பா சொன்னா? பேசச் சொன்னா தப்பையே பரப்பிடுவாங்களே?

ஆமா, அங்க பேச விடக்கூடாது, சரியா தெரிஞ்சவங்களே அஞ்சாறு பேர்தான்னா அவங்களும் மாறிடுவாங்க. அங்க திரும்ப விளக்கணும், ஆனா அதே ஸ்லைடை இன்னும் சத்தமா படிக்கறது விளக்கம் ஆகாது. வேற வழி ஒண்ணு கையில இருக்கணும், அதை முன்னாடியே செஞ்சு ஒளிச்சு வைங்க. என் ஃபைல்ல 19-வது ஸ்லைடு அப்படி இருக்கு, சீரிஸ் சுற்றுல பேட்டரிக்குப் பக்கத்துல, ரெண்டு பல்புக்கும் நடுவுல, ரெண்டாவது பல்புக்கு அப்புறம்னு மூணு இடத்துல அம்மீட்டர், மூணுலயும் ஒரே அளவு. கரண்ட் செலவாகலைன்னு அது ஒண்ணே சொல்லிடும். 2 நிறைய வந்தா 20-வது ஸ்லைடு, ஒரு பல்பு இருக்கும்போது அம்மீட்டர், ரெண்டு இருக்கும்போது அம்மீட்டர், ரெண்டாவதுல அளவு குறைஞ்சிருக்கும், ஏன்னா மின்தடை கூடிடுச்சு.

ஸ்லைடு மேல வலது க்ளிக் பண்ணி `Hide Slide` குடுத்தா ஓட்டும்போது வராது. வேணும்னா ஓடிட்டு இருக்கும்போதே 19-ன்னு டைப் பண்ணி `Enter` அடிங்க, நேரா அங்க போயிடும். திரும்பி வரவும் அதே மாதிரி கேள்வி ஸ்லைடோட எண். எண்களை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மேஜைல ஒட்டிக்குங்க.

எல்லாரும் சரின்னா ஒரு வரில காரணம் சொல்லிட்டு நகருங்க, நீட்ட வேண்டாம்.

அணி பிரிச்சு மார்க் போட்டா சுறுசுறுப்பா இருக்காங்க, போடலாமா?

கடைசி ரவுண்டுல வேணா போடுங்க, நடு ரவுண்டுல வேண்டாம்னுதான் சொல்லுவேன். மார்க் வந்த உடனே தப்பை மறைப்பாங்க, தப்பு தெரியறதுக்குத்தான் நடு ரவுண்டே வச்சிருக்கோம். முதல்ல கை தூக்கினவங்களுக்கு மார்க்னு வச்சா இன்னும் மோசம், அணிக்கு ஒருத்தர் விளையாடுவாங்க, மீதி பேர் கை தட்டுவாங்க.

அணி கட்டாயம் வேணும்னா ஒவ்வொரு அணிலயும் யார் சொல்லணும்னு நேரம் முடிஞ்ச அப்புறம் சீட்டு எடுத்து முடிவு பண்ணுங்க. தன் பேர் வரலாம்னு எல்லாரும் யோசிப்பாங்க, தெரிஞ்சவன் தெரியாதவனுக்குச் சொல்லியும் குடுப்பான்.

தப்பான ஆப்ஷனைப் படிச்சுப் படிச்சு அதையே மனசுல வச்சுக்க மாட்டாங்களா?

பதில் சொல்லாம விட்டா அந்த ஆபத்து உண்மையிலேயே இருக்கு. அதனாலதான் கேள்வி கேட்ட அன்னிக்கே, அந்த ரவுண்டுலயே சரியான பதிலும் காரணமும் வந்துடணும், "வீட்டுல போய் யோசிங்க"ன்னு விட்டுடாதீங்க. தப்பான ரெண்டு ஆப்ஷனும் ஏன் தப்புன்னு தலா ஒரு வரி சொல்லுங்க, சரியானதை மட்டும் சொன்னா 1 காட்டினவனுக்கு தன் யோசனைல எங்க பிசகுன்னு தெரியாமலே போயிடும்.

இன்னொண்ணு, ரொம்ப உறுதியா நம்பி சொன்ன தப்பு திருத்தினா நல்லா ஒட்டிக்கும், பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் ரெண்டு பேரும் 2001-ல இதைக் காட்டியிருக்காங்க. அதனால "நிச்சயமா இதான்"னு அடிச்சுச் சொல்ற பையன் தப்பா சொன்னா கவலைப்படாதீங்க, திருத்தம் அவன்கிட்ட நல்லா பதியும்.

அன்னிக்கு எல்லாம் சரியா சொல்றாங்க, அடுத்த வாரம் கேட்டா முழிக்கறாங்க. என்ன தப்பு பண்றேன்?

இப்ப சொன்னதை இப்ப கேட்டா வரத்தான் செய்யும். கேள்வியை அடுத்த வார ஃபைலுக்கும் எடுத்துட்டுப் போகணும், ஆரம்பத்துல ரெண்டு கேள்வின்னு சொன்னேனே அந்த இடம் இதுக்குத்தான். நான் ஒண்ணு போன வகுப்புல இருந்தும் ஒண்ணு ரெண்டு மூணு வாரம் முந்தியும் எடுப்பேன். முந்தினதுல எது எடுக்கறதுன்னா, அன்னிக்கு பாதிப் பாதியா பிரிஞ்ச கேள்விதான், அதை ஸ்லைடுக்குக் கீழ நோட்ஸ் பகுதில அன்னிக்கே குறிச்சு வச்சுடுவேன்.

அப்படியே ஒட்டாதீங்க, "பதில் 3"ன்னு எண் ஞாபகம் இருக்கும். ரெண்டு பல்பை மூணாக்குங்க, இல்ல "நடு பல்பைக் கழட்டினா மத்த ரெண்டும் என்ன ஆகும்?"னு மாத்துங்க. ஆப்ஷனே குடுக்காம நோட்டுல ஒரு வரி எழுதச் சொன்னா இன்னும் நல்லது, அடையாளம் கண்டுபிடிக்கறதை விட தானா எழுதறது கஷ்டம், அதுக்கேத்த பலன் இருக்கு.

ஆன்லைன் வகுப்புல இதெல்லாம் எப்படி? கேமராவே ஆன் பண்ண மாட்டாங்க.

சாட்ல செய்யலாம், ஒரு சின்ன ஏற்பாடு வேணும். "பதிலை டைப் பண்ணுங்க, ஆனா அனுப்பாதீங்க"ன்னு சொல்லுங்க, 20 செகண்ட் கழிச்சு "இப்ப அனுப்புங்க"ன்னா எல்லாம் ஒண்ணா கொட்டும், ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் போட நேரம் இருக்காது. எண்ணோட ஒரு வார்த்தை காரணமும் கேளுங்க, "3, மின்தடை"ன்னு வந்தா யோசிச்சிருக்காங்கன்னு தெரியும்.

பதில் 3-ன்னு சொல்லிட்டு செஞ்சு காட்டினேன், ஒரு பல்பு நல்லா பிரகாசமா எரிஞ்சுது. பசங்க "1 தான் சரி"ன்னு கத்திட்டாங்க. இப்ப என்ன சொல்றது?

இது எனக்கும் நடந்திருக்கு. டார்ச் பல்பு ரெண்டு ஒரே மாதிரி தெரிஞ்சாலும் ஒரே மாதிரி இருக்காது, வேற வேற அளவு பல்பு ஒரே டப்பாவுல கலந்து கிடக்கும். சமாளிக்கப் பாக்காதீங்க, அதையே அடுத்த கேள்வி ஆக்குங்க. "ரெண்டு பல்பையும் இடம் மாத்தி மாட்டப் போறேன், இப்ப எது பிரகாசமா எரியும்? 1. பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கறது. 2. முன்னாடி பிரகாசமா எரிஞ்ச அதே பல்பு." விரல் காட்டச் சொல்லிட்டு மாத்தி மாட்டுங்க. பிரகாசம் பல்பு கூடவே போகும், இடத்துல தங்காது. அப்போ காரணம் பல்புல இருக்கு, கரண்ட் செலவாகறதுல இல்ல.

பேரலல்லயும் ஒண்ணு வரும். ரெண்டாவது பல்பை மாட்டினா முதல் பல்போட வெளிச்சம் மாறாதுன்னு சொல்லிட்டு மாட்டுவோம், பேட்டரி பழசா இருந்தா லேசா மங்கும், பேட்டரிக்குள்ளயே இருக்கற மின்தடை காரணம். புது பேட்டரி போட்டுப் பாருங்க, மங்கறது ரொம்பக் குறைஞ்சுடும். செஞ்சு காட்டற கேள்வியை மட்டும் முதல் நாளே அதே பேட்டரி, அதே பல்பு வச்சு மாட்டிப் பாத்துடுங்க, இடம் மாத்தற கேள்வியையும் ஒரு ஸ்லைடா செஞ்சு 21-வதா ஒளிச்சு வச்சிருங்க.